கொலம்பஸுக்கு எத்தனை வயது? பிறந்த ஆண்டும் அதன் இரண்டு எல்லைகளும்

எந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தாலும் கிறிஸ்டோபர் கொலம்பஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1451–1506 என்று இருக்கும். அந்த இரண்டு எண்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே தோரணையில் நிற்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே ஜாதி எண்கள் இல்லை. 1506 என்பது தெரிந்த எண். அந்த ஆண்டு மே 20ஆம் தேதி, ஸ்பெயினில் வாயடோலிட் நகரில் அவர் இறந்தார். 1451 அப்படியல்ல, அது கணக்குப் போட்டு வந்தது. அவர் பிறந்ததைப் பதிந்த எந்தக் காகிதமும் கிடைக்கவில்லை. சிறுகோடு இரண்டையும் இணைத்துவிடுவதால் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிவதே இல்லை.

வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுப்பதும் திருத்துவதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. ஒரு தேதி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. யாராவது புதிதாக இந்த வேலைக்கு வந்தால், 'சுமார்' என்ற சொல்லை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க நான் எடுத்துக்கொள்வது கொலம்பஸைத்தான். எல்லோருக்கும் தெரிந்த பெயர். சான்றுகளும் குறைவு, ஒரு மேசையில் பரப்பி வைத்துவிடலாம். அப்படியும் அதிலிருந்து தவறான முடிவுக்குப் போவது மிகவும் சுலபம்.

முதல் காகிதம் 1470 அக்டோபர் 31ஆம் தேதி இத்தாலியின் ஜெனோவா நகரில் ஒரு நோட்டரி எழுதியது. மது வாங்கிய வகையில் தர வேண்டிய பணத்துக்கான கடன் பத்திரம். டொமெனிகோவின் மகன் கிறிஸ்டோஃபரோ, அதாவது நம் கொலம்பஸ், தந்தையின் சம்மதத்தோடு, இந்தக் கடனை ஒப்புக்கொள்கிறார் என்று அதில் வருகிறது. அவரைப் பற்றிச் சொல்லும்போது நோட்டரி லத்தீனில் `maior annis decemnovem` என்று எழுதுகிறார். பத்தொன்பது வயதுக்கு மேற்பட்டவர் என்று பொருள்.

இதிலிருந்து என்ன கிடைக்கிறது? அன்றைக்கு அவருக்குப் பத்தொன்பது முடிந்திருக்க வேண்டும். ஆகவே 1451 அக்டோபர் 31 அல்லது அதற்கு முன்பு பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு முன்பு என்பதற்கு இந்தக் காகிதத்தில் பதிலே கிடையாது, ஏனென்றால் நாற்பது வயதுக்காரரும் பத்தொன்பதுக்கு மேற்பட்டவர்தான். பத்திரங்களில் வயதைச் சொல்வது ஆள் கையெழுத்திடத் தகுதியானவரா என்பதைக் காட்டத்தான், பிறந்தநாளைக் குறித்து வைக்க அல்ல. இப்படிப்பட்ட காகிதம் ஒரு பக்க எல்லையை மட்டும் தருகிறது. இதைப் பின்வருமாறு சொல்வது வழக்கம்: கடைசி எல்லை 31 அக்டோபர் 1451, முந்தைய எல்லை காலி.

முந்தைய எல்லை காலி என்று எழுதப் பலருக்குக் கை வராது. "இருபதுக்கு மேல் என்று எழுதாமல் பத்தொன்பதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறாரே, அப்படியானால் பத்தொன்பதுதானே" என்பார்கள். இது நியாயமான ஊகம்தான். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் ஊகம் ஊகமாகவே இருக்க வேண்டும். காகிதம் சொன்னது ஒன்று, நாம் அதிலிருந்து நினைத்துக்கொண்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாவது காகிதம் 1479 ஆகஸ்ட் 25ஆம் தேதியிட்டது. இதுவும் ஜெனோவாதான். மதீராத் தீவில் சர்க்கரை வாங்குவதில் ஏற்பட்ட ஒரு வழக்கில் கொலம்பஸ் சாட்சி சொல்கிறார். மறுநாள் காலையிலேயே லிஸ்பனுக்குக் கிளம்புவதாகவும் சொல்கிறார். ஊகோ அசெரெத்தோ என்பவர் 1904இல் இதை வெளியிட்டதால் அசெரெத்தோ ஆவணம் என்றே இதற்குப் பெயர். என்ன வயது என்று கேட்கப்பட்டபோது சாட்சி சொன்ன பதில் `annorum viginti septem vel circa`. இருபத்தேழு அல்லது அதையொட்டி.

அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சற்று நேரம் மறந்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1479 ஆகஸ்ட் 25 அன்று ஒருவருக்கு இருபத்தேழு முடிந்து இருபத்தெட்டு இன்னும் முடியவில்லை. இருபத்தேழை அன்றைக்கேதான் முடித்தார் என்றால் 1452 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தவர். இருபத்தெட்டு முடிய இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி என்றால் 1451 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தவர். ஆக, துல்லியமாகச் சொன்ன வயதுகூட ஒரு முழு ஆண்டு அகலமுள்ள சாளரத்தைத்தான் தரும். 1479இலிருந்து 27ஐக் கழித்து 1452 என்று எழுதுகிறவர்கள் அந்தச் சாளரத்தின் ஒரு பகுதியை வெட்டி எறிகிறார்கள். நான் திருத்தும் குறிப்புகளில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்: வயதைக் கழித்து ஓர் ஆண்டை எழுதிவிடுவது, முந்தைய ஆண்டும் சாத்தியம் என்பதை மறந்துவிடுவது.

சரி, இப்போது இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்? இரண்டாவது காகிதம் 1451 ஆகஸ்ட் 26 முதல் 1452 ஆகஸ்ட் 25 வரை என்கிறது. முதல் காகிதம் 1451 அக்டோபர் 31க்குப் பிறகு இல்லை என்கிறது. இரண்டுக்கும் பொதுவான பகுதி 1451 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். பல நூல்களில் கொலம்பஸ் "1451 ஆகஸ்ட் 25க்கும் அக்டோபர் 31க்கும் இடையில்" பிறந்தார் என்று இருப்பது இந்தக் கணக்கால்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்த பதிவே இல்லாத ஒருவருடைய பிறப்பை இரண்டு மாதத்துக்குள் மடக்கிவிட்டோம் என்றால் யாருக்கும் பெருமையாக இருக்கும். எனக்கு இந்தச் சாளரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அதன் வலது ஓரம் பத்திரத்தில் எழுதியது. இடது ஓரமோ, சாட்சி வாயால் சொன்ன "அல்லது அதையொட்டி"யைத் துடைத்துவிட்டு நாம் வரைந்தது. அவர் தோராயமாகச் சொன்னதை நாள் சுத்தமாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

எனவே எல்லைகளை நான் இரண்டு வகையாகவே எழுதுகிறேன்: கெட்டி எல்லை, இளகிய எல்லை. தாண்டினால் ஒரு சான்று பொய்யாகிவிடும் என்றால் அது கெட்டி. தாண்டினால் எந்தச் சான்றும் பொய்யாகாது, நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக மட்டும் இருக்கும் என்றால் அது இளகியது. 1451 அக்டோபர் 31 கெட்டி எல்லை. 1451 ஆகஸ்ட் 26 இளகிய எல்லை. கெட்டியையும் இளகியதையும் குறுக்கே வைத்து வெட்டி, கிடைத்த துண்டு முழுக்கக் கெட்டி என்று சொல்வதுதான் அந்த இரண்டு மாதச் சாளரத்தில் நடந்திருப்பது.

அப்படியானால் இளகிய எல்லையை எவ்வளவு தூரம் தளர்த்துவது? அவருக்கு உண்மையில் இருபத்தேழுக்குக் கீழே இருந்திருக்குமா? இருக்க முடியாது, 1470ஆம் ஆண்டுப் பத்திரம் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டது. 1451 அக்டோபர் 31க்குள் பிறந்தவருக்கு 1479 ஆகஸ்டில் குறைந்தபட்சம் இருபத்தேழு முடிந்திருக்கும். ஆகத் தளர்வு மேல் பக்கம் மட்டும்தான்: இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பது என்றால் அவர் முப்பது என்றே சொல்லியிருப்பார் என்பது என் கணிப்பு. வயதை நினைவிலிருந்து சொல்கிறவர்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்களுக்கு ஓடுவார்கள். வயது சொல்லும் எந்தப் பழைய பதிவேட்டை எடுத்தாலும் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பக்கத்து வயதுக்காரர்களைவிட அநியாயத்துக்கு அதிகமாக இருப்பார்கள். அப்படி ஓடாமல் இருபத்தேழு என்ற கோணலான எண்ணைச் சொன்னவர் தன் வயதை ஏறக்குறைய அறிந்தவராக இருக்க வேண்டும். அதனால் இருபத்தொன்பது வரை இடம் விடுகிறேன். அந்தக் கணக்கில் முந்தைய இளகிய எல்லை 1449 ஆகஸ்ட் கடைசி.

இங்கேதான் 'சுமார் 1451' என்ற எழுத்தில் உள்ள சிக்கல் தெரிகிறது. சுமார் 1451 என்று படிக்கிறவர் மனத்தில் 1449, 1450, 1451, 1452, 1453 என்று இரண்டு பக்கமும் சமமாக விரியும். ஆனால் நம்மிடம் உள்ள சான்று அப்படி விரியவில்லை. 1452 கிடையாது, 1453 கிடையாது. எல்லாத் தளர்வும் இடது பக்கம். சுமார் என்ற சொல்லால் இந்தச் சாய்வைச் சொல்ல முடியாது. அகலத்தையும் அது சொல்லாது. ஒருவருக்குச் சுமார் என்றால் ஓராண்டு, இன்னொருவருக்குப் பதினைந்து ஆண்டு. சிலர் மேலே பார்த்த காகிதம் போல ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை எழுதுவார்கள், சிலர் ஒன்றுமே இல்லாமல் எழுதுவார்கள். எல்லைகளைச் சேர்த்து எழுதினால்தான் சுமாருக்கு மதிப்பு.

நான் எழுதுவது இப்படி: "பிறப்பு: 1451 வாக்கில், 31 அக்டோபர் 1451க்குப் பிறகு இல்லை, 1449க்கு முன்பாக இருக்க வாய்ப்புக் குறைவு." கொஞ்சம் நீளம்தான். ஆனால் மூன்று துண்டுகளும் மூன்று வெவ்வேறு உறுதியில் இருப்பது படிக்கும்போதே தெரிகிறது. "பிறகு இல்லை" என்பதையும் "வாய்ப்புக் குறைவு" என்பதையும் வேண்டுமென்றே வேறு வேறு குரலில் வைத்திருக்கிறேன்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கொலம்பஸை நேரில் அறிந்த ஆந்த்ரேஸ் பெர்னால்தெஸ் என்ற பாதிரியார், அவர் இறந்தபோது எழுபது வயது, கொஞ்சம் கூடக் குறைய, என்று எழுதி வைத்திருக்கிறார். 1506இலிருந்து எழுபதைக் கழித்தால் 1436 வாக்கில் வந்து நிற்கும். பதினைந்து ஆண்டு வித்தியாசம்!

கவனியுங்கள், 1436 நம் கெட்டி எல்லையை மீறவில்லை. 1436இல் பிறந்தவரும் 1470இல் பத்தொன்பதுக்கு மேற்பட்டவர்தான். அதனால் முதல் காகிதத்தைக் காட்டி இதைத் தள்ள முடியாது. எடை போட்டுத்தான் தள்ள வேண்டும். எழுபது என்பது உருண்டையான எண். நரைத்துத் தளர்ந்த ஒருவரைப் பார்த்துச் சொன்ன எண்ணாகவும் இருக்கலாம். நாற்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று இருபத்தேழு என்று சொல்வாரா? அப்புறம் தந்தையின் வயது இருக்கிறது. 1429இல் டொமெனிகோவை ஒரு நெசவாளரிடம் தொழில் பழக விட்டபோது அவருக்குச் சுமார் பதினொன்று என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. அப்படியானால் அவர் 1418 வாக்கில் பிறந்தவர். 1436இல் அவருக்குப் பதினெட்டு, தொழில் பழகி முடிந்து ஓராண்டு. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இடம் இறுக்கமாக இருக்கிறது.

பெற்றோர் வயதை வைத்து எல்லை போடுவது நல்ல உத்திதான், ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டொமெனிகோவின் பதினொன்றும் ஒரு சுமார். சுமார் ஒன்றின் மேல் இன்னொரு சுமாரை ஏற்றினால் அகலம் கூடிக்கொண்டே போகும். அதனால் இந்த வழியில் எனக்குக் கிடைப்பது, 1430களின் தொடக்கத்துக்கு முன்னால் கொலம்பஸ் பிறந்திருக்க முடியாது என்ற அகலமான வெளி எல்லை மட்டும்தான். தேதியைச் சுருக்க அது உதவாது. யாராவது 1425 என்று எழுதினால் நிறுத்திக் கேட்க உதவும்.

இன்னொரு சாட்சி கொலம்பஸே. 1503இல் ஜமைக்காவிலிருந்து ஸ்பெயின் அரசருக்கும் அரசிக்கும் எழுதிய கடிதத்தில் இருபத்தெட்டு வயதில் உங்கள் பணிக்கு வந்தேன் என்கிறார். அவர் ஸ்பெயினின் காஸ்டீலுக்கு வந்தது 1485இல். அதன்படி பிறப்பு 1457 ஆகும். 1470இல் மதுக் கடனுக்குக் கையெழுத்திட்டபோது பதின்மூன்று வயது! இங்கே எடை போடவே தேவையில்லை, கெட்டி எல்லையே தள்ளிவிடுகிறது. எண்ணில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது என்பதற்காக மட்டும் அது பெரிய சான்று ஆகிவிடாது.

இப்படி ஒத்துப்போகாத எண்கள் வரும்போது சிலர் சமாதானமாகப் போக நினைத்து நடுவில் ஓர் எண்ணைப் போடுவார்கள். 1436க்கும் 1451க்கும் நடுவே 1443. எந்தக் காகிதமும் சொல்லாத, எந்தச் சாட்சியும் நினைக்காத ஆண்டு அது. பெர்னால்தெஸின் கூற்றை அவர் பெயரோடு தனியாகக் குறித்து வையுங்கள், ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி சேருங்கள், போதும்.

கெட்டி எல்லை என்று இவ்வளவு சொன்னேன். அந்தக் கெட்டியும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டதுதான்: 1470இல் கடன் ஒப்புக்கொண்ட கிறிஸ்டோஃபரோவும் கடல் கடந்த கொலம்பஸும் ஒரே ஆள் என்பது. கொலம்பஸ் விஷயத்தில் வரலாற்றாசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். ஆனால் பெயர் பிரபலமில்லாத ஒருவரைப் பற்றி எழுதும்போது முதலில் ஆட்டம் காண்பது தேதி அல்ல, ஆள் அடையாளம்தான். ஒரே பெயரில் சித்தப்பா இருப்பார், இறந்துபோன அண்ணன் இருப்பார். எல்லைகள் ஒன்றோடொன்று மோதினால், அதாவது முந்தைய எல்லை கடைசி எல்லைக்குப் பிறகு போய் விழுந்தால், கணக்கைச் சரிபார்ப்பதற்கு முன் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டோமா என்று பார்ப்பேன். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

இறப்புத் தேதிக்கு முறை இன்னும் சுலபம், ஏனென்றால் இரண்டு பக்கமும் கெட்டியாக அமைவது அதிகம். ஒருவர் உயிரோடு இருந்ததைக் காட்டும் கடைசிக் காகிதம் முந்தைய எல்லை. அவர் இறந்துவிட்டதைக் காட்டும் முதல் காகிதம் கடைசி எல்லை. அச்சுக்கலையின் குட்டன்பர்கை எடுத்துக்கொள்வோம். 1465 ஜனவரி 17 அன்று மைன்ஸ் பேராயர் அவருக்கு அரசவைப் பதவி தருகிறார், ஆகவே அன்று உயிரோடு இருக்கிறார். 1468 பிப்ரவரி 26 அன்று கொன்ராட் ஹுமெரி என்பவர் குட்டன்பர்க் விட்டுச்சென்ற அச்சுக் கருவிகளைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கிறார், ஆகவே அதற்குள் இறந்துவிட்டார். இந்த இரண்டு மட்டும் இருந்தால் நாம் எழுத வேண்டியது "1465 ஜனவரி 17க்கும் 1468 பிப்ரவரி 26க்கும் இடையில்" என்பதுதான். ஒரு நூலில் கையால் எழுதப்பட்ட குறிப்பு 1468 பிப்ரவரி 3 என்ற நாளைத் தருகிறது. அது எல்லைகளுக்குள் அழகாக உட்காருகிறது, ஆகவே ஏற்கலாம். எல்லைகளை முதலில் போட்டுவிட்டதால்தான் அந்தக் குறிப்பைச் சோதிக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: கடைசியாக உயிரோடு தெரிந்த ஆண்டை இறந்த ஆண்டாக எழுதிவிடக் கூடாது. காகிதம் நின்றுபோனால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமில்லை.

அதே குட்டன்பர்கின் பிறப்பைப் பாருங்கள். 1390களின் நடுவிலிருந்து அடுத்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் 1890களில் மைன்ஸ் நகரம், ஐந்நூறாவது பிறந்தநாளை 1900இல் கொண்டாட வசதியாக, 1400 ஜூன் 24 என்று ஓர் அடையாளத் தேதியை அறிவித்தது. விழா எடுக்க ஒரு நாள் வேண்டும்தானே, அதில் தவறில்லை. அந்த நாள் விழாவிலிருந்து கிளம்பிப் புத்தகங்களுக்குள் பிறந்தநாளாக நுழைந்ததுதான் வினை. உருண்டையான ஆண்டும் நாள் சுத்தமும் ஒன்றாக வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

இனி இதையெல்லாம் கணினியில் எப்படிப் பதிவது என்பது. ஏடு என்றால் "வாக்கில்", "வாய்ப்புக் குறைவு" என்று வாக்கியமாக எழுதிவிடலாம். தரவுத்தளம் ஒரு தேதியைத்தான் கேட்கும். ஆண்டு மட்டும் தெரிந்த இடத்தில் மென்பொருள் நாளையும் மாதத்தையும் தானாக நிரப்பி, உலகத்தில் பாதிப்பேரை ஜனவரி 1ஆம் தேதி பிறக்க வைத்துவிடுகிறது. ஒரு பட்டியலில் ஜனவரி 1 பிறந்தநாள்காரர்கள் கூட்டமாகத் தெரிந்தால் அங்கே ஆண்டுகள்தான் தேதிகளாக வேடம் போட்டிருக்கின்றன என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு நல்ல குறியீட்டு முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வம்சாவளி மென்பொருள்கள் பயன்படுத்தும் `GEDCOM` வடிவத்தின் ஏழாம் பதிப்பில் கொலம்பஸ் இப்படி வருவார்:

```
1 BIRT
2 DATE BET JULIAN 1449 AND JULIAN 31 OCT 1451
```

`BET … AND …` என்றால் இந்த இடைவெளிக்குள் ஏதோ ஒரு நாள் நடந்தது. `FROM … TO …` என்றும் ஒன்று உண்டு, அதற்கு இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை நடந்துகொண்டே இருந்தது என்று பொருள். பிறப்புக்கு அதைப் போட்டால் கொலம்பஸ் இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பிறந்துகொண்டே இருந்தார் என்றாகிவிடும். `ABT` என்பது நம் சுமார். வயதிலிருந்து கணக்கிட்ட ஆண்டுக்கு `CAL` என்று தனியாகவே உண்டு, பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. `JULIAN` என்பதை விட்டுவிட்டால் மென்பொருள் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டி என்று எடுத்துக்கொள்ளும். அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் ஒன்பது நாள் வித்தியாசம்.

நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் விரும்புவது `EDTF`. 2019இல் அது `ISO 8601-2` தரத்துக்குள் சேர்ந்துவிட்டது. அதில் மூன்று எழுத்து முறைகளை வேறுபடுத்திப் பாருங்கள்:

```
1451~
[1449..1451]
145X
```

முதலாவது சுமார் 1451, அகலம் சொல்லாமல். இரண்டாவது 1449 முதல் 1451 வரை உள்ள ஆண்டுகளில் ஏதோ ஒன்று. மூன்றாவது 1450இலிருந்து 1459 வரை ஏதோ ஒன்று. அந்த மூன்றாவது எளிதாக இருப்பதால் சுமார் என்றவுடன் பலர் கை அதற்குத்தான் போகிறது. நம் வழக்கில் அது சாத்தியமான 1449ஐ வெளியே தள்ளிவிட்டு, சாத்தியமே இல்லாத 1452 முதல் 1459 வரை எட்டு ஆண்டுகளை உள்ளே அழைத்துக்கொள்கிறது. நாள் கணக்கிலான கெட்டி எல்லையை நான் இங்கே எழுதுவதில்லை. இந்தத் தரம் கிரிகோரியன் நாட்காட்டியையே வைத்துக்கொள்கிறது, நம் காகிதமோ ஜூலியன். ஆண்டை மட்டும் இங்கே வைத்து, நாளைக் குறிப்பில் வாக்கியமாக எழுதுவது பத்திரம்.

விக்கித்தரவில் பிறந்த தேதியின் கீழே முந்தைய தேதிக்கு `P1319`, கடைசித் தேதிக்கு `P1326`, சுமார் என்று காட்ட `P1480` என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. கெட்டி, இளகியது என்ற பேதத்தை எந்த முறையும் நேரடியாகக் கேட்பதில்லை. அதற்கு ஒவ்வோர் எல்லைக்கும் பக்கத்தில் அது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று எழுதுவதுதான் வழி. 31 அக்டோபர் 1451 என்பதன் பக்கத்தில் கடன் பத்திரம் 1470. 1449 என்பதன் பக்கத்தில் சாட்சியம் 1479, "அதையொட்டி" என்பதற்கு இரண்டாண்டு இடம்விட்டது, என்று. பட்டியலை அகர வரிசையில் இல்லாமல் கால வரிசையில் அடுக்க ஒற்றை எண் ஒன்று தேவைப்படும், வேறு வழியில்லை. அதைத் தனிப் புலத்தில் மறைவாக வையுங்கள். அடுக்கப் போட்ட எண் திரையில் பிறந்த ஆண்டாகத் தலைகாட்டக் கூடாது.

எல்லைகளை வைத்திருந்தால் அதிலிருந்து வரும் மற்ற எண்களும் ஒழுங்காக வரும். 1492 அக்டோபர் 12 அன்று தரை தட்டியபோது கொலம்பஸுக்கு 41 வயது என்று படித்திருப்பீர்கள். நம் கணக்கில் அன்று அவருக்கு நாற்பதிலிருந்து நாற்பத்து மூன்றுக்குள் ஏதோ ஒன்று. இறக்கும்போது ஐம்பத்து நான்கிலிருந்து ஐம்பத்தாறுக்குள். "குறைந்தது ஐம்பத்து நான்கு" என்பதைத் தயங்காமல் சொல்லலாம், அது கெட்டி எல்லையிலிருந்து வருவது. "ஐம்பத்தாறுக்கு மேல் இல்லை" என்பதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு ஒரே எண்தான் வேண்டும், இத்தனை விவரம் யாருக்கு வேண்டும் என்று பதிப்பாளர்கள் சொல்வதுண்டு. ஒரே எண்தான் இடம் என்றால் நான் "1451 அல்லது சற்று முன்பு" என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். நான்கு சொற்கள், சாய்வு எந்தப் பக்கம் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. நாளைக்கே ஜெனோவாவின் நோட்டரிக் கட்டுகளில் 1465ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று அகப்பட்டு, அதில் இதே கிறிஸ்டோஃபரோவைப் பதினைந்துக்கு மேற்பட்டவர் என்று எழுதியிருந்தால் கடைசி எல்லை 1450க்கு நகரும், மற்றவை அப்படியே இருக்கும். திருத்த வேண்டியது ஒரே ஒரு புலம். பக்கத்தில் எழுத வேண்டியது அந்தப் பத்திரத்தின் பெயர்.